விட்டதையும் விட்டவர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்து 66-ஆம் சுலோகத்தைச் சரம சுலோகம் என்று நம் பூர்வாசார்யர்கள் போற்றுவர். எல்லாத் தர்மங்களையும் விட்டுத் தன் ஒருவனையே பற்றும்படி கண்ணன் அங்கே அர்ஜுனனுக்கு அருளிச்செய்கிறான். இவ்விடத்தில் 'விடுகை' என்பது எதை? செய்யும் தொழிலையா, குடும்பத்தையா, நித்ய கர்மங்களையா? இக்கேள்வியை ஒரு சிறு கதையின் வழியாக அநுபவிப்போம்.

கொள்ளிடத்துக்குப் பாலம் வராத காலம். ஆடி வெள்ளம் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வடகரைத் துறையிலிருந்து திருவரங்கத்துக்குப் புறப்பட்ட ஓடத்தில் ஆரணியிலிருந்து வந்த பட்டு நெசவாளர் ஒருவரும், முதிர்ந்த ஸ்வாமி ஒருவரும், இன்னும் சில யாத்ரிகர்களும் இருந்தனர். ஆரணி கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஊர். ஆண்டின் பெரும்பகுதி மணலில் நடந்தே கடக்கும் ஆற்றைப் பார்த்துப் பழகியவருக்கு, கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் நீராகக் கிடந்த கொள்ளிடம் அச்சத்தைத் தந்தது.

அந்த அச்சத்தினிடையே அவர் ஸ்வாமியிடம் கேட்டார்: "ஸ்வாமி, அடியேன் ஊர் திரும்புவதாக இல்லை. தறியில் பாதி நெய்த புடவை நிற்கிறது. பெண்ணின் கல்யாணத்துக்காக முதலாளியிடம் வாங்கிய கடன் நிற்கிறது. எல்லாவற்றையும் விட்டுப் பெரிய பெருமாள் திருவடியிலேயே கிடந்துவிடலாம் என்று வந்தேன். 'எல்லாம் விடு' என்றுதானே கண்ணன் சொன்னான்? ஆனால் விட்டுவந்த பிறகும் நெஞ்சு தறிக்குழியிலேயே கிடக்கிறதே. எப்படி விடுவது?"

பின்புறத்தில் கழி ஊன்றிக்கொண்டிருந்த ஓடக்காரர் காதில் இக்கேள்வி விழுந்தது. ஆனால் அவர் பார்வை நெசவாளரின் வலக்கையில் இருந்தது. பேசிக்கொண்டே அவர் ஓடத்துக்கு வெளியே கைநீட்டி, கரையை நோக்கி நீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் சாயச் சாய ஓடமும் அப்பக்கம் சாய்ந்தது.

"ஐயா, கையை உள்ளே எடும். உம் கை தள்ளி ஓடம் போகாது, கவிழத்தான் கவிழும்" என்றார் ஓடக்காரர். பிறகு காலடியில் கிடந்த செம்பை அவரிடம் நீட்டினார். "அடிப்பலகையில் நீர் ஊறுகிறது. சும்மா இருக்க முடியவில்லை என்றால் இதை இறைத்துக்கொண்டு வாரும்."

நெசவாளர் நீரை இறைக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் அவர் அச்சமும் தணிந்தது. ஸ்வாமி முறுவலித்தார். "நீர் கேட்டதற்கு ஓடக்காரர் விடை சொல்லிவிட்டார். முன்பும் உம் கை வேலை செய்தது, இப்போதும் செய்கிறது. வேற்றுமை என்ன? முன்பு 'என் கையால் கரை சேருவேன்' என்று இருந்தீர். இப்போது 'ஓடம் சேர்க்கும். ஓடத்துக்குடையவர் சொன்னதை நான் செய்கிறேன்' என்று இருக்கிறீர். விட்டது வேலையை அன்று, அந்த வேலையே கரை சேர்க்கும் என்ற நினைவை."

பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் காட்டும் பொருள் இதுவே. தர்மங்களை விடுகையாவது, அவை நம்மை உய்விக்கும் உபாயம் என்கிற புத்தியை விடுகை. அப்புத்தி போனபின் தர்மங்கள் அழிவதில்லை. வேறு இடத்தில் சென்று சேர்கின்றன. கர்மம் கைங்கர்யத்தில் புகும், ஞானம் ஸ்வரூபத்தை விளக்குவதில் புகும், பக்தி அடையவேண்டிய பேற்றில் உண்டாகும் ருசியில் புகும் என்று அவர் நிர்வஹிக்கிறார்.

ஸ்வாமி தொடர்ந்தார்: "உம் தறியிலேயே இது இருக்கிறது. பாவும் ஊடையும் சரிகையும் யாருடையவை?"

"முதலாளியுடையவை, ஸ்வாமி."

"உம்முடையதல்ல என்று இழை அறுந்தால் பிணைக்காமல் விடுவீரோ?"

"அது எப்படி? பிறர் பொருள் ஆகையாலே இன்னும் கவனமாகப் பிணைப்பேன்."

"ஆத்மாவும் அவன் பொருள், மனைவி மக்களும் அவன் பொருள், கடனைத் தீர்ப்பதும் அவன் இட்ட கட்டளை. 'என்னது' என்பதை விட்டவனுக்குக் கவனம் கூடுமேயன்றிக் குறையாது. தொழிலை விட்டுக் கவலையை வைத்துக்கொண்டால் விட்டது ஒன்றுமில்லை. சரம சுலோகம் சோகியாதே என்றல்லவா முடிகிறது? சோகம் நின்றதா என்று பார்த்தே விடுகை மெய்யா என்று அறிய வேண்டும்."

நெசவாளர் இறைப்பதை நிறுத்தி, "அப்படியானால் இன்று அடியேன் விட்டேன்" என்றார்.

"அந்த 'அடியேன் விட்டேன்' என்பதையும் விட வேண்டும்" என்ற ஸ்வாமி, நம்பிள்ளையின் சரித்திரத்தில் பெரியோர் சொல்லிவரும் ஒன்றை எடுத்துரைத்தார். நம்பிள்ளை சிஷ்யர்களோடு திருவெள்ளறையிலிருந்து திருவரங்கத்துக்கு மீண்டுவருகையில் வெள்ளம் பெருகிற்று. இருள் சூழ, ஓடம் பாரம் தாங்காமல் அமிழத் தொடங்கியது. யாரேனும் ஒருவர் இறங்கினால் ஆசார்யனும் மற்றவரும் பிழைப்பர் என்றான் ஓடக்காரன். அதைக் கேட்ட ஒரு மூதாட்டி, சிறிதும் தயங்காமல் வெள்ளத்தில் குதித்தாள். ஓடம் கரை சேர்ந்தது. தம் பொருட்டு ஓர் ஆத்மா போயிற்றே என்று நம்பிள்ளை வருந்தி நிற்க, இருளிலிருந்து அவள் குரல் கேட்டது. அவள் கால் ஒரு மணல் திட்டில் பட்டிருந்தது. மீண்டு வந்து தண்டனிட்டவள், தான் செய்த தியாகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; தேவரீரன்றோ திட்டாக வந்து அடியேனைத் தாங்கிற்று என்றாள். உன் விச்வாஸம் அதுவானால் அப்படியே ஆகட்டும் என்றார் நம்பிள்ளை.

உயிரையே விட்டவள், விட்டதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. இதுவே விடுகையின் எல்லை. 'ஏகம்' என்ற சொல்லுக்கு நம் ஆசார்யர்கள் காட்டும் கருத்தும் இதுவே. அவன் ஒருவனே உபாயம் எனில், நாம் அவனைப் பற்றிய பற்றும் உபாயமன்று. அதையும் உபாயமாக நினைத்தால், ஓடத்தில் ஏறியவன் 'நான் ஏறியதால்தான் ஆறு கடந்தது' என்று சொல்வதுபோல் ஆகும்.

ஓடம் தென்கரையை நெருங்கியது. ஓடக்காரர் மெல்லக் கேட்டார்: "சாமி, ஏறி உட்கார்ந்தவருக்குச் சரி. கழி ஊன்றுகிற எனக்கு? இத்தனை பேரைக் கடத்திவிட்டேன் என்றுதான் தினமும் படுக்கிறேன்."

"குகப்பெருமாள் சக்ரவர்த்தித் திருமகனையே கங்கை கடத்தினார். ஆனாலும் பெருமாள் தம்மைத் தோழனாகக் கொண்ட அன்பாலன்றோ அவர் உய்ந்தார்? உமக்கு ஊன்றக் கழி, இவருக்கு இறைக்கச் செம்பு, ஊரில் இவருக்கு நெய்யத் தறி. கொடுத்தவன் ஒருவன், கடத்துகிறவனும் அவனே."

நெசவாளர் செம்பைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தார். மூன்று நாள் பெருமாளை ஸேவித்து, நான்காம் நாள் அதே ஓடத்தில் வடகரைக்குத் திரும்பினார். தறியில் பாதிப் புடவை காத்திருந்தது. கடனும் அப்படியே இருந்தது. ஏறி அமர்ந்தவுடன் அவர் கேட்டது ஒன்றே: "ஓடக்காரரே, செம்பு எங்கே?"

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.