பயிற்சிக்கு யார் கடன்காரர்?

2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் கொடுத்த தீர்ப்பை, ரொறன்ரோவில் நான் அறிந்த பலரும் 'பொண்ட் சரிதான் என்று சொல்லிவிட்டார்கள்' என்ற ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். வழக்கின் விபரம் அவ்வளவு எளிதல்ல.

2007இல் அந்த அரச வங்கியில் மூத்த மேலாளர் பதவியை ஏற்ற ஓர் அதிகாரி, மூன்று வருடம் வேலை செய்வேன், இடையில் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்டுவேன் என்று கையெழுத்திட்டிருந்தார். 2009இல் இன்னொரு வங்கிக்குப் போனபோது எதிர்ப்புத் தெரிவித்தபடியே பணத்தைக் கட்டினார், பிறகு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அரச வங்கி தன் விருப்பத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டு வேலை கொடுக்க முடியாது, விளம்பரம், தேர்வு என்று எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டும், அதற்குச் செலவு உண்டு என்பது அதன் முக்கியமான நியாயம். விலகியவர் நல்ல சம்பளம் வாங்கிய மூத்த மேலாளர் என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள்.

கவனியுங்கள், இங்கே பேச்சு ஆட்சேர்ப்புச் செலவைப் பற்றியது. படிப்பை முடித்த கையோடு முதல் வேலைக்குப் போகும் இருபத்தொரு வயதுப் பிள்ளையின் பயிற்சிச் செலவு வேறு விஷயம்.

அந்த விஷயத்துக்கு எனக்குப் பிடித்தது 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிக்பா இந்தியா என்ற நிறுவனத்தின் வழக்கில் போட்ட கணக்கு. அங்கேயும் மூன்று வருடம், இரண்டு லட்சம் ரூபாய். ஊழியர் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் விலகிவிட்டார். நிறுவனம் அவருடைய பயிற்சிக்கு உண்மையில் செலவழித்தது 67,595 ரூபாய். நீதிமன்றம் அதை மூன்றாகப் பிரித்து, மிச்சமிருந்த ஒரு பங்கான 22,532 ரூபாயைக் கொடுக்கச் சொன்னது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, தாளில் எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று பார்ப்பதே நீதிமன்றத்தின் வேலை. இரண்டு லட்சம் இருபத்திரண்டாயிரமாக இறங்கியது அப்படித்தான்.

இந்தக் கணக்குக்குள் ஓர் அறக் கருத்து ஒளிந்திருக்கிறது. வேலை செய்த ஒவ்வொரு மாதமும் கடனில் ஒரு பகுதி அடைபடுகிறது. முப்பத்தைந்தாவது மாதத்தில் விலகினாலும் முழுத் தொகையும் என்று சொல்லும் பொண்ட், கொடுத்ததைத் திரும்பக் கேட்பதல்ல, போவதற்குத் தண்டம் விதிப்பது.

ஆனால் கடன் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் எழுதிய 'மனித மூலதனம்' நூலில் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். எங்கும் செல்லுபடியாகும் திறமையை ஒரு நிறுவனம் கற்றுக்கொடுத்தால், அதன் பலன் ஊழியரோடு வெளியே போய்விடும். ஆகவே அந்தச் செலவை, குறைந்த சம்பளத்தை ஏற்றுக்கொள்வதன் மூலம் ஊழியரே சுமக்கிறார் என்பது அவர் வாதம். இது சரியென்றால், பயிற்சிக் காலத்தில் பாதிச் சம்பளம் கொடுத்துவிட்டு, விலகும்போது பயிற்சிச் செலவையும் கேட்பது ஒரே பொருளுக்கு இரண்டு தரம் விலை வாங்குவது. முழுச் சம்பளமும் கொடுத்து, வெளியில் பணம் கட்டிப் பெற்ற சான்றிதழ்ப் பயிற்சிக்கும் அனுப்பிய நிறுவனம் கேட்டால், அதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த என் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். இரண்டு வருடம், ஒன்றரை லட்சம். அசல் பட்டச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குக் கோபம் வரவைத்தது. பணம் பாக்கி என்றால் வழக்குப் போடலாம். சான்றிதழைப் பிடித்துவைப்பது ஆளையே அடகு பிடிப்பது. பயிற்சி என்று எழுதியிருந்த மூன்று மாதத்தில், கடைசி இரண்டு மாதமும் அவள் செய்தது வாடிக்கையாளருக்கான வேலை.

ஒன்ராறியோவில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. புது ஊழியருக்கு முதலாளி கட்டாயமாக்கும் பயிற்சி, வேலை நேரமாகவே கணக்கிடப்படும். குறைந்தபட்சச் சம்பளமாவது கொடுத்தே ஆகவேண்டும். சம்பளத்தில் கை வைப்பதற்கும் தொகையையோ அதைக் கணக்கிடும் முறையையோ சொல்லும் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 2021 ஒக்ரோபர் 25இலிருந்து, போட்டி நிறுவனத்துக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனைக்கும் பெரும்பாலான ஊழியர்கள் விடயத்தில் தடை. ஆனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் ஒப்பந்தத்தை இந்தத் தடை நேரடியாகத் தொடாது. அதனால் இங்கேயும் அந்தத் தாள் நீட்டப்படலாம்.

'கையெழுத்துப் போட்டவள் அவள்தானே' என்று ஒரு நண்பர் கேட்டார். போட்டவள்தான். கல்விக் கடனோடு வந்து, வேறு வேலை கையில் இல்லாமல் போட்டாள். அதற்காகச் சம்மதமே இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படியென்றால் ஏழைகள் போடும் எந்தக் கையெழுத்துக்கும் மதிப்பில்லாமல் போகும். தேர்ந்தெடுக்க இடமில்லாதவரிடம் வாங்கிய சம்மதத்தில், எழுதியவர்தான் தன் தொகைக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

அவளிடம் மூன்றே கேள்விகள் கேட்கச் சொன்னேன்: ஒன்றரை லட்சத்தின் செலவு விபரம் என்ன, மாதாமாதம் அது குறையுமா, நிறுவனமே அவளை நிறுத்தினால் யார் கட்டுவது. முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு, 'அப்போதும் நீங்கள்தான்' என்றாராம் மனிதவளப் பிரிவு அதிகாரி.