எட்டரை மணிக்கு மேல் ஒரு செய்தி

மகளிர் விடுதியில் எட்டரைக்கு வருகைப் பதிவு. அதற்குள் வர முடியாத மாணவி, முன்னதாகவே வார்டனுக்குச் செய்தி அனுப்பி அனுமதி கேட்க வேண்டும். காரணம், திரும்பும் நேரம், தொடர்பு எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று வரிச் செய்திதான். ஆனாலும் அந்த மூன்று வரியில் பொய் எழுதுவது விடுதிகளில் சர்வசாதாரணம். அந்தப் பொய் தவறா, அல்லது நியாயமற்ற விதிக்குத் தரப்படும் நியாயமான பதிலா என்பதே கேள்வி.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்க்கலாம். தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதி. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஏழு மணி நாடகத்துக்குப் போக விரும்புகிறாள். ஒன்பதுக்கு நாடகம் முடிந்து மின்சார ரயில் பிடித்தால் பத்தரைக்குள் விடுதிக்கு வந்துவிடலாம். ஆனால் நாடகம் என்று எழுதினால் அனுமதி கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் “மேடம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, குரோம்பேட்டையில் மாமா வீட்டுக்குப் போகிறேன், பத்தரைக்குள் வந்துவிடுவேன், மாமா எண் இது” என்று அனுப்புகிறாள். கொடுத்திருப்பது வகுப்புத் தோழன் ஒருவனின் எண். வார்டன் அழைத்தால் கொஞ்சம் கனத்த குரலில் பேச வேண்டும் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

பெரும்பாலான நாட்களில் இதனால் ஒன்றும் ஆகாது. பாட்டி நலமாகவே இருப்பார், பதிவேட்டில் கையெழுத்து விழும், எல்லோரும் தூங்கப் போவார்கள். எதுவும் ஆகாத நாளை வைத்து இந்தப் பொய்யை எடைபோட முடியாது. ஏதாவது ஆகிவிடும் நாளுக்காகத்தான் அந்தச் செய்தியே கேட்கப்படுகிறது.

அப்படி ஒரு நாளில் சிக்னல் கோளாறால் ரயில் நடுவழியில் நிற்கிறது. மாணவியின் கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. பதினொன்றாகியும் ஆள் வரவில்லை. வார்டன் ‘மாமா’வை அழைக்கிறார். அவன் இப்போது என்ன சொல்வான்? “இங்கேதான் இருக்கிறாள், தூங்குகிறாள்” என்றால் தேடல் அங்கேயே நின்றுவிடும். “கிளம்பிவிட்டாள்” என்றால் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தேடுவார்கள். அவளோ எழும்பூரிலிருந்து வரும் வழியில் எங்கோ இருப்பாள். பயந்துபோய் அழைப்பை எடுக்காமல் விட்டால், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு நள்ளிரவில் போன் போகும். எந்த வழியில் போனாலும் தேடுபவர்கள் தவறான திசைக்கே அனுப்பப்படுகிறார்கள். பொய்க் காரணத்தைவிடப் பொய் எண் கொடியது என்பது இங்கேதான் தெரிகிறது. காரணம் வார்டனின் மனத்தைத் திருப்திப்படுத்துகிறது. எண்தான் ஆளைக் கண்டுபிடித்துத் தருகிறது.

இந்தப் பொய்யில் இன்னும் இருவர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் தோழன், தான் தொடங்காத பொய்க்குப் பொறுப்பாளி ஆகிறான். அனுமதி தந்த வார்டனோ ‘யாரைக் கேட்டு விட்டீர்கள்’ என்ற கேள்விக்கு மறுநாள் முதல்வர் அறையில் பதில் சொல்ல நிற்கிறார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்பது வள்ளுவர் காட்டும் வழி. அந்தச் சலுகைக்கு இந்தப் பொய் தகுதி பெறாது. ஒருத்தியின் நாடகம் நன்மைதான், ஆனால் அதன் சுமை பிறர் தோளில் ஏற்றப்படுகிறது.

இதோடு தீர்ப்பை எழுதிவிட்டால் அது பாதி நியாயம்தான். ‘நாடகம்’ என்ற உண்மைக்கு மறுப்பும் ‘பாட்டி’ என்ற பொய்க்கு அனுமதியும் கிடைக்கும் விடுதியில், பொய்யைக் கற்றுத் தருவது யார்? பதினெட்டு வயது நிறைந்தவர் சட்டப்படி வயதுவந்தவர். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரைக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2022இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, பெண்களை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. அதன்பின் வந்த அரசாணை ஆண், பெண் இரு விடுதிகளுக்கும் ஒரே நேரத்தை வைத்தது. ஆகவே விதியே கோணலாக இருக்கலாம் என்ற மாணவியின் எண்ணம் வெறும் சாக்கு அல்ல.

அதைவிடக் கடினமான நிலையும் உண்டு. ஒருத்தி மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறாள். அதை வார்டனிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. இன்னொருத்தி வேறு சாதிப் பையனைச் சந்திக்கப் போகிறாள். வார்டனிடம் சொன்னது அன்றிரவே ஊருக்கு எட்டினால் அவள் உயிருக்கே ஆபத்து வரலாம். இவர்களிடம் போய் ‘முழு உண்மையை எழுது’ என்பது அறம் ஆகாது.

இங்கே மறைப்பதையும் பொய் சொல்வதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். “சொந்த வேலை” என்று எழுதுவது மறைப்பு. அதைப் படிப்பவருக்குத் தனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது என்பது தெரியும்; ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இருக்கும். “பாட்டிக்கு உடம்பு சரியில்லை” என்பதோ, தெரியாததைத் தெரிந்ததாக அவரை நம்பவைக்கிறது. மாணவிக்கு முதலாவதற்கு உரிமை உண்டு. இரண்டாவதற்கு இல்லை. எண்ணில் மறைப்புக்குக் கூட இடமில்லை. அது அப்பாவின் எண்ணாகவோ மாமாவின் எண்ணாகவோ இருக்க வேண்டியதில்லை. அன்றிரவு அவள் எங்கே இருக்கிறாள் என்பதை உண்மையாக அறிந்த, தன் எண் தரப்பட்டிருப்பதைத் தெரிந்து சம்மதித்த, அழைத்தால் எடுக்கக்கூடிய ஒருவருடையதாக இருந்தால் போதும். இரகசியம் தேவைப்படுகிறவளுக்குத்தான் அப்படி ஒருவர் மிகவும் தேவை.

அதே மாணவி இப்படியும் எழுதியிருக்கலாம்: “வணக்கம் மேடம். இரண்டாம் ஆண்டு, அறை 214. இன்று எழும்பூரில் ஏழு மணி நாடகத்துக்குப் போகிறேன். மின்சார ரயிலில் வந்து பத்தரைக்குள் திரும்பிவிடுவேன். அறை 216இல் இருப்பவரும் கூட வருகிறார். அவர் எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். தாமதமானால் பத்து மணிக்கே அழைத்துச் சொல்கிறேன். அனுமதி வேண்டுகிறேன்.” ரயில் நின்றாலும் தோழியின் கைபேசியில் பதில் கிடைக்கும். அனுமதி கிடைக்குமா என்பது வேறு கேள்வி. மறுக்கப்பட்டால் அந்த மறுப்பு எழுத்தில் இருக்கும். நேரத்தை மாற்றக் கோரும் மனுவோடு அதைச் சேர்த்து நீட்டலாம். பாட்டியைச் சொல்லி வாங்கிய அனுமதிகளோ, இப்போதைய விதியில் யாருக்கும் குறையில்லை என்பதற்கே சாட்சியாகப் பதிவேட்டில் சேரும்.

வார்டனுக்கும் கடமை உண்டு. உண்மை எழுதியவளுக்கு அதற்காகவே கதவைச் சாத்தக் கூடாது. ‘சொந்த வேலை’ என்றால் குடைந்து கேட்கக் கூடாது. திரும்பும் நேரத்தையும் எண்ணையும் சரிபார்த்தால் போதும். வந்த செய்தியைப் பெற்றோர் குழுவில் போடக் கூடாது. தரப்பட்ட எண்ணை ஆள் வராத இரவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். நம்பிச் சொன்னது ஒருமுறை வெளியே போனாலும், அந்த விடுதியில் அதன்பின் வரும் எண்கள் எல்லாம் ‘மாமா’ எண்களாகத்தான் இருக்கும்.

காரணத்தைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் மாணவியின் உரிமை. எண் மட்டும் மெய்யாக இருக்க வேண்டும்.