உள்பக்கத் தையல்

போன தை மாதம் வேப்பந்தட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவிகளிடம் பதினைந்து நிமிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு நான் தேர்ந்தெடுத்ததுதான்: மலிவுத் துணியை அடிக்கடி வாங்கி எறியாமல், நாள்பட உழைக்கும் துணியைக் குறைவாக வாங்குவது. பெரம்பலூர் மாவட்டத்தில் அது பருத்தி எடுக்கும் காலம். விடுமுறை நாட்களில் அந்தப் பெண்களில் பலரும் அம்மாவோடு காட்டுக்குப் போகிறவர்கள். அதனால் பேச்சைப் பருத்தியில் தொடங்கினேன்.

ஒரு கிலோ பருத்தியில் பஞ்சு எவ்வளவு என்று கேட்டேன். "மூணுல ஒரு பங்கு, மீதி கொட்டை" என்று உடனே பதில் வந்தது. சுடிதார் டாப் ஒன்று சுமார் 250 கிராம் இருக்கும். நூற்பிலும் வெட்டிலும் போகும் கழிவையும் சேர்த்தால் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ பருத்தி வேண்டும். 2024-25இல் நடுத்தர இழைப் பருத்திக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,121 ரூபாய், அதாவது கிலோ 71 ரூபாய். அந்த டாப் கடையில் 200 ரூபாய் என்றால், மீதி 129 ரூபாய்க்குள் அரைவை, நூற்பு, நெசவு, சாயம், தையல், லாரி வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். கொட்டையை விற்றால் கிடைக்கும் காசைக் கழித்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. அப்படியென்றால் அது பருத்தியாக இருக்காது, அல்லது துணி மெலிந்திருக்கும், அல்லது யாரோ ஒருத்தியின் கூலி குறைந்திருக்கும். இதுவரை எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள்.

பிறகு நான் அறிவுரைக்கு வந்தேன். 300 ரூபாய் டாப்பை இருபது முறை போட்டுவிட்டு எறிந்தால் ஒருமுறைக்குப் பதினைந்து ரூபாய் ஆகிறது. 750 ரூபாய் டாப்பை நூற்றைம்பது முறை போட்டால் ஐந்து ரூபாய்தான். ஆகவே எது மலிவு?

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், வெளிய போட்டுக்க எங்கிட்ட மூணு டிரெஸ்தான் இருக்கு. நான் எதைக் குறைக்கணும்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் சிரித்தார்கள். நான் மறுபடியும் கணக்கைச் சொல்லப் போனேன். "கணக்கு புரியுது மிஸ். ஆனா எழுநூத்தம்பது ரூபா ஒரே நாள்ல எங்கம்மா கையில இருக்காதே" என்றாள். அவர்கள் தெருவுக்கு வண்டியில் துணி கொண்டுவரும் தவணைக்காரரிடம் வாரம் ஐம்பது ரூபாய் கட்டித்தான் அம்மா வாங்குகிறாராம். அவர் கொண்டுவருவதில்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

குறைவாக வாங்கு என்பது ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவரிடம் சொல்ல வேண்டியது. குறைவாகச் சாப்பிடு, குறைவாகப் பேசு, குறைவாகச் சிரி என்று வீட்டில் கேட்டு வளரும் பெண்ணிடம் போய், அழகாக உடுத்தும் ஆசையையும் குறைத்துக்கொள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணக்கில் தவறில்லை. அதை யாரிடம் சொன்னேன் என்பதில்தான் தவறு.

அப்போது குறிப்புத்தாளை மடித்துவிட்டு, காட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்த இரண்டு துணிகளை எடுத்தேன். ஒன்று ஒன்பது வருடமாக நான் போடும் ரவிக்கை. இன்னொன்று கடையில் வாங்கிய ரெடிமேட் டாப். இரண்டையும் உள்பக்கமாகப் புரட்டி மேசையில் விரித்தேன்.

எங்கள் ஊர்த் தையற்காரம்மா ரவிக்கையின் விலாப்பக்கத்தில், ஒவ்வொரு மடிப்பிலும் ஓர் அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைப்பார். அதிலும் ஒரு தையல் போதாதென்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று தையல் ஓட்டுவார். உடம்பு பெருத்தால் உள்வரிசைத் தையலைப் பிரித்தால் போதும். முன்னும் பின்னும், இடமும் வலமும் அரையரை அங்குலம் விட்டாலே சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைத்துவிடும். இந்த ஒன்பது வருடத்தில் இரண்டு முறை பிரித்திருக்கிறேன். ரெடிமேட் டாப்பில் ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிடுகிறது. தையலுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் கூட நிற்பதில்லை. பிரிக்க எதுவும் இல்லை.

பதினாறு வயதில் உடம்பு மாறும். பிள்ளைப்பேற்றில் மாறும், நாற்பதுக்கு மேல் மறுபடி மாறும். தையற்காரம்மா அந்த மாற்றத்துக்கு உள்ளே இடம் விட்டிருந்தார். ரெடிமேட் துணி ஓர் அளவில் நின்றுவிடுகிறது, அதற்குள் அடங்க வேண்டியது நம் உடம்பாகிறது. துணி நைந்து போகும் முன்பே, 'நான் குண்டாகிட்டேன்' என்ற வெட்கத்தோடு ஒதுக்கிவைத்தவை நம் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. அதை மலிவுத் துணியின் குறை என்று நாம் சொல்வதில்லை, நம் உடம்பின் குறை என்கிறோம்.

தவணைக்காரர் கொண்டுவருவதிலும் பார்த்து வாங்க முடியும் என்று சொன்னேன். உள்பக்கம் புரட்டித் தையலின் இருபுறமும் பிடித்து இழுங்கள். இடைவெளி விட்டு நூல் பல்லிளித்தால் அது அக்குளில்தான் முதலில் விடும். ஓர் அங்குலத்தில் தையலை எண்ணுங்கள். பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஆறேழு என்றால் அவசரத்தில் ஓட்டியது. ஓரத்து நூல் ஒன்றைக் கிள்ளி எடுத்து வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். வாங்கியதும் அக்குளிலும் பக்கவாட்டு ஸ்லிட்டின் மேல்முனையிலும் இன்னொரு தையல் போட்டுக்கொண்டால் கூடக் கொஞ்ச நாள் உழைக்கும். ஆனால் மெலிந்த துணியை எந்தத் தையலும் காப்பாற்றாது.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் வந்தாள். மூன்றில் ஒன்று அக்குளில் பிடிக்கிறது, பிரித்துவிட முடியுமா என்று கேட்டாள். போட்டிருந்ததே அதுதான். கை ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன், ஓவர்லாக். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அக்குளில் வேறு துணியில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்கலாம், கை தூக்கினால் மட்டும் தெரியும் என்றேன். "தெரிஞ்சா பரவால்ல மிஸ்" என்றாள்.

அரியலூர் திரும்பும் பேருந்தில் என் பீரோவை நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து எண்ணினேன். எழுபத்து நான்கு புடவைகள். பதினொன்றை ஒரே ஒருமுறைதான் கட்டியிருக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஆண் பேராசிரியர்கள் நான்கு சட்டையை வைத்து வருடம் முழுக்க ஓட்டுகிறார்கள், யாரும் கவனிப்பதில்லை. நான் ஒரே புடவையை வாரத்தில் இரண்டாம் முறை கட்டினால் "என்ன மேடம், இதுவேவா?" என்று ஆசிரியர் அறையில் ஒரு குரல் கேட்கும். கேட்பவரும் பெண்தான். அவரிடமும் யாரோ கேட்டிருப்பார்கள். எழுபத்து நான்கில் பாதியாவது அந்தக் கேள்விக்குப் பயந்து வாங்கியவை. ஆசைப்பட்டு வாங்கியவற்றுக்காக நான் வருந்தவில்லை.

வாங்குவதைக் குறைத்தால் தைப்பவளுக்கு வேலை போகாதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. போகும். அதனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு அவளுக்கே சேர வேண்டும் என்று நினைக்கிறேன். தையல் பிரித்துவிட முப்பது ரூபாய் கொடுக்கும்போது பேரம் பேசும் வழக்கத்தை நான் நிறுத்தியிருக்கிறேன். உள்ளே ஓர் அங்குலம் விட்டு மூன்று தையல் போடுகிறவளின் நேரத்துக்கு அதுவே குறைவு.

அந்தப் பள்ளிக்குத் தயாரித்த பேச்சின் குறிப்புத்தாள் இன்னும் என் பையில் இருக்கிறது. 'மாணவிகளே' என்று தொடங்கும் முதல் சொல்லை அடித்துவிட்டேன். இந்த வாரம் ஒரே புடவையைத் திங்களும் வியாழனும் கட்டிக்கொண்டு போகப் போகிறேன். அந்தக் குரல் கேட்டதும், அதே பேச்சை ஆசிரியர் அறையில் பேசிவிடலாம்.