வாக்களிக்காத வாழ்த்து

மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கு முன், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரு வழியனுப்பு நடக்கும். ஹால் டிக்கெட் கைக்கு வந்திருக்கும். பேனாக்களைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்துக் கொடுப்பார்கள், தலைமையாசிரியர் பேசுவார், இசை தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஒரு வாழ்த்துப் பாடலைச் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தப் பாடலில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது நியாயமான அறக்கேள்வி. பயந்திருக்கும் பிள்ளையைத் தேற்ற வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது. இந்த இரண்டும் எங்கே மோதுகின்றன என்பதை ஒரு பாடலை எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

பேனா எடுத்தவுடன் வந்து விழுகிற பாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

வெற்றி உனக்கே காத்திருக்கு - நீ
வேண்டிய மதிப்பெண் வந்திருக்கும்
கற்றது எல்லாம் கைகொடுக்கும் - எங்கள்
கனவுகள் உன்னால் நிறைவேறும்

எதுகை மோனை சரியாக இருக்கிறது. கூட்டமாகப் பாடினால் உற்சாகமும் வரும். ஆனால் நான்கு அடிகளிலும் பாடுகிறவர் கையில் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்லப்படுகிறது. மதிப்பெண்ணைத் தருவது வேறு ஊரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும் ஆசிரியர். படித்தது கைகொடுப்பதும் கொடுக்காததும் அன்றைய வினாத்தாளையும் அந்தப் பிள்ளையின் அன்றைய உடல்நிலையையும் பொறுத்தது. நான்காம் அடி இவற்றிலும் மோசமானது. பெரியவர்களின் கனவுகளை எடுத்துப் பதினேழு வயதின் தோளில் வைத்துவிட்டு, அதை வாழ்த்து என்கிறது.

வாழ்த்து என்றாலே மிகைதானே, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்றால் யாராவது கணக்குப் பார்க்கிறார்களா என்று கேட்கலாம். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மணமக்களை வாழ்த்தும்போது அது வேண்டுதல் என்று எல்லோருக்கும் தெரியும். அது பலித்ததா என்று பார்க்க நாள் குறித்து யாரும் வருவதில்லை. தேர்வு வாழ்த்து அப்படியல்ல. அதற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. சில வாரங்களில், பெரும்பாலும் மே மாதத்தில், முடிவு கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகவே வந்துவிடும். ‘வெற்றி உனக்கே’ என்று பாடப்பட்ட பிள்ளையின் கையில் அப்போது ஓர் எண் இருக்கும். எண் குறைவாக இருந்தால், வாழ்த்தியவர்கள் பொய் சொன்னார்கள் என்று அந்தப் பிள்ளை நினைக்காது. அத்தனை பேர் வாழ்த்தியும் தான் கெடுத்துவிட்டதாகவே நினைக்கும். ‘கடவுள் கைவிடமாட்டார்’ என்று பாடியிருந்தால், கடவுளே கைவிட்டுவிட்டார் என்று நினைக்கும். கொடுத்தவர் காப்பாற்ற முடியாத வாக்குறுதி, வாங்கியவரின் குற்றமாக மாறுகிறது. தேர்வு முடிவு வரும் நாட்களில் பிள்ளைகளின் மனநிலை எவ்வளவு ஆபத்தான நிலைக்குப் போகக்கூடும் என்பதை அறிந்த ஊர் இது. 104 என்ற உதவி எண்ணை அரசு அந்த நாட்களில் விளம்பரப்படுத்துவதும் அதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பாட்டின் அடியையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

காப்பாற்ற முடியாத இன்னொரு வாக்குறுதி ‘முதலிடம்’. 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. வாழ்த்துப் பாடல்களில் மட்டும் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நம்பிக்கையாகச் சொன்னால்தான் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்பது இன்னொரு வாதம். பாடும் நேரத்துக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மெட்டோடு கேட்ட அடி, கேட்ட இடத்தோடு நிற்பதில்லை. தேர்வறைக்குள்ளும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து மதிப்பெண் வினா ஒன்று பிடிபடாத நிமிடத்தில் ‘கற்றது எல்லாம் கைகொடுக்கும்’ என்ற அடி திரும்பி வந்தால் அது தைரியம் தராது, குற்றம் சாட்டும். ஆகவே வாழ்த்துப் பாடல் எழுதுகிறவர் ஒவ்வொரு அடியையும் அந்த நிமிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திணறிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் தலைக்குள் இந்த அடி ஒலித்தால் உதவுமா, உறுத்துமா?

எதிர்காலத்தைச் சொல்லாமல், நடந்ததைச் சொல்லித் தேற்றலாம் என்று தோன்றும். ‘இரவெல்லாம் கண்விழித்துப் படித்தாய், உழைப்பு வீண்போகாது.’ பின்பாதி மறுபடியும் வாக்குறுதி. முன்பாதியும் எல்லோருக்கும் உண்மையல்ல. மாலையில் கடையில் நின்ற பிள்ளை இருக்கிறது, நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்ட பிள்ளை இருக்கிறது, படிக்க உட்கார்ந்தும் மனம் நிற்காத பிள்ளை இருக்கிறது. உழைத்தவரை மட்டும் வாழ்த்தும் பாடல், ஆறுதல் அதிகம் தேவைப்படுகிறவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஒரு பள்ளி முழுவதும் பாடும் பாட்டில் இது பெரிய குறை. ஒரே ஒரு சாமியின் பெயரை மட்டும் சொல்வதிலும் இதே குறை உண்டு.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? பாடலின் கால எல்லையைக் குறுக்கிக்கொள்வதுதான் வழி என்று தோன்றுகிறது. மே மாதம்வரை போகாமல், தேர்வு நாளின் காலையில் தொடங்கி அன்று மணியடிக்கும்வரை பாடினால் போதும். அந்த எல்லைக்குள் உண்மையாகச் சொல்லத்தக்கவை நிறையவே இருக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் ‘நல்லா எழுதிட்டு வா’ என்று அனுப்பும்போது அந்த எல்லையில்தான் நிற்கிறார்கள்.

முதலில் பயம். ‘பதறாதே’, ‘அஞ்சாதே’ என்று கட்டளையிட்டால் பதறுகிற பிள்ளைக்குப் பதறியதும் ஒரு தோல்வியாகிவிடும். நடுங்கட்டும் என்று விட்டுவிடுவது மேல்.

கைகொஞ்சம் நடுங்கினால் நடுங்கட்டும் - மெல்லக்
காற்றை இழுத்து மூச்சுவிடு
மைகொஞ்சம் சிந்தினால் சிந்தட்டும் - அடுத்த
வரியினில் மீண்டும் எழுதிவிடு

இதில் பொய்யாகப் போகக்கூடியது எதுவும் இல்லை. கை நடுங்கிக்கொண்டே எழுத முடியும் என்பது எழுதியவர்கள் எல்லோரும் அறிந்தது. அடித்துவிட்டு அடுத்த வரியில் எழுதினால் விடை கெடாது.

அடுத்தது வினாத்தாள். காலை பத்து மணிக்கு அதைக் கையில் கொடுத்ததும் பத்து நிமிடம் வாசிப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. 10.15க்குத்தான் எழுதத் தொடங்குவார்கள். தெரியாத வினா கண்ணில் பட்டு நெஞ்சு அடைப்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அங்கே உதவுவது, ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் சொல்கிற சாதாரண அறிவுரை: தெரிந்ததை முதலில் எழுது. அதைப் பாட்டாக்கும்போது ‘விட்டதைப் பார்க்க நேரமிருக்கும்’ என்ற அடி தானாக வந்து நிற்கும். இனிமையான அடிதான், ஆனால் நேரம் இருக்கும் என்பதும் வாக்குறுதியே. மூன்று மணி நேரம் போதாமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ‘இருந்தால்’ என்று மாற்றினால் ஓசை கெடவில்லை, அடியும் நேர்மையாகிறது.

தெரிந்த வினாவில் தொடங்கிவிடு - நெஞ்சு
திகைக்கும் வினாவைத் தாண்டிவிடு
புரிந்த வரைக்கும் எழுதிவிடு - பின்பு
பொழுதிருந் தால்அங்கே திரும்பிவிடு

இது வாழ்த்தா, அறிவுரையா என்று கேட்கலாம். பயந்த நேரத்தில் செய்வதற்கு ஒரு சின்ன வேலையைக் கொடுப்பதைவிடப் பெரிய தேறுதல் அந்த அறைக்குள் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ‘வெல்க’ என்பது இலக்கணப்படி வேண்டுதல்தான், வாக்குறுதி அல்ல. இருந்தாலும் அது பிள்ளையின் கண்ணை வினாத்தாளிலிருந்து எடுத்து முடிவின் பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால் அதுவும் இந்தப் பாட்டில் வேண்டாம்.

தோல்வியைப் பற்றிப் பேசுவதா என்பதும் யோசிக்க வேண்டியது. தேர்ச்சி பெறாதவர்களுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு இருக்கிறது. மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். இவை உண்மையான ஆறுதல்கள். ஆனால் தேர்வுக்குக் கிளம்புகிறவரிடம் பாட்டாகச் சொன்னால் அபசகுனமாகக் கேட்கும். பொய் சொல்லாமலிருக்க, எல்லா உண்மையையும் அப்போதே சொல்லித் தீர வேண்டும் என்பதில்லை. இதை வகுப்பில், பாட்டு இல்லாமல், நிதானமாகச் சொல்வதே பொருத்தம்.

கடைசியாக, பாடுகிறவர்கள் தம்மைப் பற்றிச் சொல்வது. இங்கே வாக்குறுதி கொடுக்கலாம், ஏனென்றால் காப்பாற்றுவது நம் கையில். ஆனாலும் இதில்தான் அதிகம் சறுக்கும். ‘வாசலில் நாங்கள் நின்றிருப்போம்’ என்று ஆசிரியர்கள் பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு நாளில் அவர்களில் பலர் அறைக் கண்காணிப்பாளராக வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள். தன் பள்ளிப் பிள்ளைகளைத் தானே கண்காணிக்க விடமாட்டார்கள். சில பிள்ளைகளுக்குத் தேர்வு மையமே வேறு ஊரில். பாடியவர் ஒருவரும் வாசலில் இல்லாதபோது அந்த அடி ‘வெற்றி உனக்கே’ என்பதைப் போலவே பொய்த்துப் போகும். ஆகவே ஆள் நிற்பதாகச் சொல்லாமல், கதவு திறந்திருப்பதாகச் சொல்வது தாங்கும்:

மணியடித் ததும்நீ வெளியேவா - பள்ளி
வாசல் உனக்காய்த் திறந்திருக்கும்
பணிமுடிந் ததென்று வரவேற்போம் - விடை
பற்றிய பேச்சை நிறுத்திவைப்போம்

இந்த நான்கு அடிக்கும் விலை உண்டு. தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் ‘இரண்டாம் வினாவுக்கு என்ன எழுதினே?’ என்று கேட்கும் பழக்கத்தை ஆசிரியர்களும் பெற்றோரும் அடக்க வேண்டும். அடுத்த தேர்வு சில நாட்களிலேயே வரும்போது அந்தக் கேள்வி பிள்ளையின் தூக்கத்தைத்தான் கெடுக்கும். தேர்வு நாட்களில் பிற்பகல் மூன்று மணிவரையாவது பள்ளியில் ஒருவர் இருக்க வேண்டும். முடிவு வரும் நாளிலும் அதே வாசல் திறந்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு யார் போன் செய்வது என்று பெயர் வாரியாகப் பிரித்து வைத்திருக்க வேண்டும். வாழ்த்துப் பாடல் எழுதித் தரச் சொல்லி ஒரு பள்ளி கேட்டால், கவிஞர் மெட்டைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கலாம்: அன்று பள்ளியில் யார் இருப்பார்கள்? பெயர் சொல்ல ஒருவரும் இல்லையென்றால், மூன்றாம் கண்ணியை எடுத்துவிட்டு முதல் இரண்டையும் மட்டும் கொடுத்தனுப்பலாம்.