எட்டு நாற்காலிகள்

வங்கி எழுத்தர் பணிக்கான ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 20 நிமிடம், 35 கேள்விகள். ஒரு கேள்விக்கு முப்பத்து நான்கு விநாடி. ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு பஸிலுக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு. வேகமாகப் படித்து, வேகமாகப் படம் போட்டால் இந்த நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் குறிப்பை முதலில் எடுப்பது, எதைக் கடைசிவரை தள்ளிவைப்பது என்பதில்தான் பெரும்பாலான நேரம் மிச்சமாகிறது.

*

ஒரு பஸிலை எழுதிப் பார்க்கிறேன். வட்ட மேசை, எட்டுப் பேரும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அமுதா, பாலு, செல்வி, தேவன், ஈஸ்வரி, ஃபாத்திமா, கோபி, ஹமீது. வினாத்தாளில் குறிப்புகள் இந்த வரிசையில் வருகின்றன:

செல்வியும் கோபியும் அடுத்தடுத்து இல்லை. ஈஸ்வரி பாலுவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஃபாத்திமா, ஈஸ்வரிக்கு இடப்புறம் இரண்டாவது. தேவனுக்கும் பாலுவுக்கும் நடுவே இரண்டு பேர். செல்வி தேவனுக்குப் பக்கத்தில். தேவன், அமுதாவுக்கு இடப்புறம் மூன்றாவது. ஹமீது அமுதாவுக்கு நேரெதிரே.

மேலிருந்து கீழாகப் போகிறவர் என்ன செய்வார்? முதல் குறிப்பில் இடம் எதுவும் கிடைக்காது. இரண்டாவதில் பாலுவை ஒரு நாற்காலியில் வைப்பார். ஈஸ்வரி இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று இரண்டு படமாகும். ஃபாத்திமா இரண்டிலும் தானாக உட்கார்ந்துவிடுவார். தேவன் வரும்போது படம் மூன்றாகும். நான்காகியிருக்கும், ஒன்றில் அந்த நாற்காலியில் ஃபாத்திமா இருப்பதால் அது விழுந்துவிடுகிறது. செல்வி வந்ததும் ஆறு. ஐந்து குறிப்பு முடிந்த நிலையில் ரஃப் தாளில் ஆறு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று நாற்காலி காலி. தவறு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் நேரம் போய்விட்டது, கண்ணும் களைத்துவிட்டது.

*

இப்போது அதே குறிப்புகளை வேறு கண்ணோடு. எழுதுவதற்கு முன் ஒரே ஒரு முறை படிக்கிறேன். தேடுவது ஒன்றைத்தான்: இரண்டு இடம் தராத, ஒரே இடம் தரும் குறிப்பு எது? ‘நேரெதிரே’ ஒரே இடம் தரும். ‘இடப்புறம் மூன்றாவது’ ஒரே இடம் தரும். ‘பக்கத்தில்’ இரண்டு தரும். ‘நடுவே இரண்டு பேர்’ என்பதும் இரண்டு தரும். ‘இல்லை’ என்று முடிவது இடமே தராது.

ஒரே இடம் தருபவை மூன்று. அவற்றில் இரண்டில் அமுதா இருக்கிறார். எனவே அமுதாவிடம் தொடங்க வேண்டும்.

நாற்காலிகளுக்குக் கடிகார முள் சுற்றும் திசையில் 1 முதல் 8 வரை எண். அமுதா 1. மையத்தைப் பார்த்து உட்கார்ந்தவரின் இடது கை கடிகாரத் திசையில் இருக்கும். ஆகவே தேவன் 4. ஹமீது 5. அடுத்து பாலு: 4இலிருந்து மூன்று தள்ளி 7 அல்லது 1. ஆனால் 1இல் அமுதா இருக்கிறார், பாலு 7. செல்வி 3 அல்லது 5. 5இல் ஹமீது இருப்பதால் செல்வி 3.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். முன்பு படத்தை இரண்டிரண்டாகப் பிரித்த அதே இரண்டு குறிப்புகள் இப்போது பிரிக்கவே இல்லை. அவை மாறவில்லை. நாற்காலிகள் நிரம்பிய பிறகு வந்ததால், தங்கள் இரண்டாவது வாய்ப்பைத் தாங்களே இழந்துவிட்டன. தள்ளிவைப்பதன் பலன் முழுவதும் இதுதான்.

மிச்சம் 2, 6, 8. ஈஸ்வரி 6 அல்லது 8. அவர் 6 என்றால் ஃபாத்திமா 8, கோபிக்கு 2. அவர் 8 என்றால் ஃபாத்திமா 2, கோபிக்கு 6. இங்கே மட்டுமே ஒரு பிரிவு, அதுவும் மூன்று பேருக்குள். இப்போதுதான் முதலில் ஒதுக்கிய குறிப்புக்கு வேலை வருகிறது. கோபி 2இல் இருந்தால் 3இல் இருக்கும் செல்விக்குப் பக்கத்தில் வந்துவிடுவார், அது கூடாது. ஆகவே கோபி 6, ஈஸ்வரி 8, ஃபாத்திமா 2. ஒரே வட்டம்.

*

‘இல்லை’ என்ற குறிப்பை மறந்துவிடுவது எளிது. தொடக்கத்தில் அதை எழுத இடமில்லாததே காரணம். தாளின் ஓரத்தில் ‘செ × கோ’ என்று இரண்டு எழுத்தும் ஒரு பெருக்கல் குறியும் போதும். எல்லாக் குறிப்பும் தீர்ந்தும் இரண்டு படம் மிச்சமிருந்தால், பஸில் தவறு என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பதில் அங்கே காத்திருக்கும்.

இடம், வலம் பற்றி ஒன்று. எல்லோரும் மையத்தைப் பார்க்கும் பஸிலில் ஒருவர் இடத்தையும் வலத்தையும் முழுக்க மாற்றிப் போட்டாலும், பதில் சொல்லும்போதும் அதே மாற்றத்தோடு படித்தால் விடை சரியாகவே வரும். படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். படம் போடும்போது ஒரு திசையும், கேள்வியைப் படிக்கும்போது இன்னொரு திசையும் எடுத்தால்தான் சறுக்கல். கோபிக்கு வலப்புறம் யார் என்று கேட்டால் ஹமீது. திசை மாறினால் பாலு. நான்கைந்து விடைகளில் பாலுவின் பெயர் நிச்சயம் இருக்கும்.

*

அட்டவணைக் கணக்கிலும் இதே தள்ளிவைப்புதான் உதவுகிறது, ஆனால் அங்கே தள்ளிவைப்பது பெருக்கலை. கிளைவாரியாகக் கடன் விண்ணப்பங்களும் ஏற்கப்பட்ட சதவீதமும் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதுரை 840, 65%. சேலம் 720, 75%. தஞ்சை 480, 55%. நெல்லை 650, 62%. அட்டவணையைப் பார்த்ததும் நான்கையும் கணக்கிட்டு ஒரு புது நிரல் எழுதக் கை துறுதுறுக்கும். கேள்விகள் அவற்றில் எதைக் கேட்கப்போகின்றன என்று அப்போது தெரியாது.

முதலில் கேள்வி, உடனே விடைகளுக்கிடையே உள்ள தூரம். தஞ்சையில் ஏற்கப்பட்டவை நெல்லையில் ஏற்கப்பட்டவற்றில் ஏறத்தாழ எத்தனை சதவீதம் என்று கேட்டு, 52, 58, 66, 74, 81 என்று கொடுத்திருந்தால், தஞ்சை 264, நெல்லை 400க்குச் சற்று மேல். 66க்குச் சற்றுக் கீழே. வேறு விடை கிட்டத்தில் இல்லை, அங்கேயே நிறுத்தலாம். மதுரைக்கும் சேலத்துக்கும் வேறுபாடு கேட்டால் தோராயம் ஆகாது. 840இல் பாதி 420, பத்து சதவீதம் 84, ஐந்து சதவீதம் 42, மொத்தம் 546. சேலம் முக்கால் பங்கு, 540. வேறுபாடு 6. மதுரையைச் சுமார் 550 என்று எடுத்திருந்தால் விடை 10 ஆகியிருக்கும். கழித்தல் வரும் இடத்தில் சிறு தோராயமும் பெரிய பிழையாகிவிடுகிறது. வகுத்தலில் அது பெரிதாவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தவர் எங்கே துல்லியமாகப் போவது என்று தயங்க மாட்டார்.

*

எல்லாப் பஸிலுக்கும் ஓர் அமுதா கிடைப்பதில்லை. ஒரு முறை படித்த பிறகு, ஒரே இடம் தரும் குறிப்பு ஒன்றுகூடத் தென்படவில்லை, ‘பக்கத்தில்’களும் ‘இல்லை’களும் மட்டுமே என்றால், அது நான்கைந்து படம் கேட்கும் பஸில். அதன் மேல் ஒரு கோடு கூடப் போடாமல் அடுத்ததற்குப் போவேன். தவறான ஒவ்வொரு விடைக்கும் கால் மதிப்பெண் கழிகிறது; அரைகுறைப் படத்திலிருந்து ஐந்து விடை சொன்னால் ஐந்தும் ஒன்றாகச் சாயும். சிலாஜிசமும் சமனின்மைக் கேள்விகளும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ஒன்று தவறினாலும் மற்றது நிற்கும். அவற்றை முடித்துவிட்டு, நிமிடங்கள் மிச்சமிருந்தால் அந்தப் பஸிலுக்குத் திரும்பி, எந்தப் பெயர் அதிகக் குறிப்புகளில் வருகிறது என்று எண்ணுவதிலிருந்து தொடங்குவேன்.