வெட்டுக்கு முன் இரண்டு வரி

வாக்கியம் பாதியில் நிற்கிறது. மூன்று புள்ளி. பிறகு சாம்பல் நிறத்தில் more என்ற சொல்.

கட்டைவிரல் ஒரு கணம் அங்கே நிற்கிறது. அல்லது நிற்காமல் மேலே தள்ளிவிடுகிறது.

அந்த ஒரு கணத்துக்காகத்தான் இந்த இரண்டு வரி.

*

இத்தலாரில் தை மாதக் காலை. வெயில் இன்னும் மேட்டைத் தாண்டவில்லை. பள்ளத்தில் இருக்கும் தேயிலை மட்டும் வெள்ளையாக இருக்கிறது. மேட்டுத் தேயிலை பச்சையாகவே நிற்கிறது.

படம் எடுத்தாகிவிட்டது. விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. எழுத்துப் பலகையில் 'ழ' தேடினால் 'ள' விழுகிறது.

படத்துக்குக் கீழே எழுத நிறைய இருக்கிறது. இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்து வரை தருகிறது. அதில் தட்டாமல் கண்ணில் படுவது முதல் இரண்டு வரி.

*

முதலில் வருவது இப்படி வருகிறது:

நீலகிரி மாவட்டத்தில் மார்கழி, தை மாதங்களில் இரவு நேரங்களில் நிலவும் கடும் குளிரின் காரணமாக, வெண்கம்பளம் விரித்தாற்போல்…

இதற்குள் இடம் தீர்ந்துவிடுகிறது. இன்னும் வினைச்சொல் வரவில்லை.

*

தமிழ் வாக்கியம் தன் கனத்தைக் கடைசியில் வைக்கிறது. எங்கே, எப்போது, எதனால், யார் எல்லாம் முன்னால் வந்து காத்திருக்கின்றன. என்ன நடந்தது என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது.

காகிதத்தில் இது சுகம். கண் தானாக அந்த முடிவுக்குப் போய்ச் சேரும்.

திரையில் வெட்டு அந்தச் சொல்லுக்கு முன்பே விழுகிறது. மாதம் தெரிகிறது, மாவட்டம் தெரிகிறது, காரணமும் தெரிகிறது. நடந்தது மட்டும் மறைவில் இருக்கிறது.

நீளமான வாக்கியம் தவறில்லை. அது வெட்டுக்குப் பின்னால் இருக்கலாம். முன்னால் இருப்பது வினை வந்து முடிந்த சின்ன வாக்கியமாக இருந்தால் போதும் என்று தோன்றுகிறது.

*

இரண்டு வரி என்பது முழுதாக இரண்டு வரி இல்லை.

முதல் வரியின் தொடக்கத்தில் கணக்கின் பெயர் தடித்த எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெயர் நீளமானால் கால் வரிக்கு மேல் போய்விடுகிறது. இரண்டாம் வரியின் வால் அந்த more-க்கு. நடுவில் மிஞ்சுவதுதான் நமக்கு.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 125 எழுத்து என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு அது சரியாக உதவுவதில்லை. நம் எழுத்து அகலமானது. ஒரு வரியில் கொஞ்சம்தான் நிற்கிறது.

எண்ணுவதும் வேறு மாதிரி. 'தேயிலை' கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு: த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. மெய்யெழுத்தின் புள்ளிகூடத் தனியாக ஒன்று.

'அனைவருக்கும் வணக்கம்' என்று தொடங்கினால் 20 போய்விடுகிறது, நடுவில் உள்ள இடைவெளியோடு சேர்த்து. பண்பான தொடக்கம்தான். படத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

*

அப்பாவின் போனில் எழுத்து பெரிது. என் போனில் இரண்டு வரிக்குள் அடங்குவது அவருடையதில் அடங்குவதில்லை.

இரண்டாவது வாக்கியம் வெட்டுப்பட்டாலும் முதல் வாக்கியம் தனியாக நிற்க வேண்டும். அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தால் அது நிற்கிறதா என்று தெரிந்துவிடுகிறது.

*

படத்தை மறுபடி பார்க்கிறேன்.

வெள்ளை. அடியில் பச்சை. ஓரத்தில் வேலி. இது குளிர்காலம் என்று படமே சொல்கிறது. அழகு என்றும் சொல்கிறது. வெண்கம்பளம் என்று வேறு எழுதினால், கண் பார்த்ததையே காது இரண்டாம் முறை கேட்கும்.

படம் சொல்லாதது என்ன?

*

இங்கே ஐப்பசி, கார்த்திகையில் முதலில் நீர்ப்பனி வரும். பிறகு உறைபனி. மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் பள்ளம் வெள்ளை, மேடு பச்சை.

இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால் உள்ளே திசு கிழிகிறது. அது இரவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. காலையில் இலை பச்சையாகத்தான் இருக்கும். வெயில் ஏறி, பனி உருகி, ஓரிரு நாளில் பழுப்பாகும். பிறகு கருப்பு.

படம் எடுத்த நேரத்தில் இலைக்கு ஒன்றும் ஆகாதது போலத் தெரிகிறது.

படம் சொல்லாதது இதுதான்.

*

ஒரு வரி வருகிறது: இந்தப் படத்தில் ஒளிந்திருக்கும் சோகம் தெரிந்தால்…

அழிக்கிறேன்.

இழுக்கிறது. ஆனால் ஒன்றும் தருவதில்லை. 2016 ஆகஸ்டில் பேஸ்புக், விஷயத்தை ஒளித்துவைத்து ஆளை இழுக்கும் தலைப்புகளைக் குறைவாகக் காட்டப்போவதாக அறிவித்தது. அறிவிக்காவிட்டாலும் வாசிக்கிறவருக்குத் தெரியும். ஒருமுறை தட்டி ஏமாந்த விரல் அடுத்த முறை தட்டாது.

*

பஸ் நிறுத்தத்துக் கடையில் பத்திரிகை போஸ்டர் தொங்குகிறது. கொட்டை எழுத்தில் நாலைந்து சொல். ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் படிக்கலாம்.

தினத்தந்தியை 1942-ல் மதுரையில் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், பேசுகிற தமிழுக்கு அருகில் செய்தியைக் கொண்டுவந்தவர். இதழாளர்களுக்கென்று ஒரு கையேடும் எழுதினார். நடந்துபோகிறவரை நிறுத்தும் வேலை இங்கே ரொம்ப காலமாக நடந்துகொண்டிருக்கிறது.

போஸ்டரில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறது. எப்படி என்பதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்னொன்று நடந்ததையே ஒளிக்கிறது. எனக்கு முதல் வகை பிடிக்கிறது. செய்தி கையில் வந்த பிறகும் ஆள் நின்றால், அவர் உண்மையிலேயே நிற்கிறார்.

*

வெயில் வந்தால் இந்த இலைகள் கருகும்.

கண்ணுக்கு 18 எழுத்து. கருவிக்கு, இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து 35. வினை வந்துவிட்டது. பெரிய எழுத்துப் போனிலும் தாங்கும்.

படித்துப் பார்க்கிறேன். வாய் அசைகிறது, மூச்சு புகையாகிறது.

ஏதோ இடறுகிறது. இந்த வரி பழியை வெயில் மேல் போடுகிறது. வெயில் காட்டிக்கொடுக்கத்தான் வருகிறது. காரியம் முடிந்தது இரவில்.

'இலைகள்' என்பதும் யாருடைய இலையாகவும் இருக்கலாம். பறிக்கப் போகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. கொழுந்து என்பார்கள்.

*

இந்தக் கொழுந்து கருகிவிட்டது. வெயில் வந்த பிறகே தெரியும்.

28 எழுத்து. கருவிக்கு 57.

முதல் வாக்கியம் படத்தோடு சண்டை போடுகிறது. கண் பச்சையைப் பார்க்கிறது, வரி கருகியது என்கிறது. அந்த இடைவெளியில் கேள்வி தானாக எழுகிறது. எதையும் ஒளிக்கவில்லை. நடந்தது முதல் மூன்று சொல்லுக்குள் இருக்கிறது. எப்படி என்பது மட்டும் கீழே.

'கருகிவிட்டது இந்தக் கொழுந்து' என்று திருப்பிப் பார்க்கிறேன். வினை முன்னால் வந்துவிடுகிறது. கூடவே மேடைக்குரலும் வந்துவிடுகிறது. பழையபடியே விடுகிறேன்.

*

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் என்டர் தட்டுவதா?

என் போனில் என்டர் தட்டிய இடத்தில் வரி முடிந்துவிடுகிறது. மீதி வரி வெறுமையாகக் கிடக்கிறது. இருப்பதே இரண்டு வரி என்னும்போது அந்த வெறுமைக்கு விலை உண்டு. இந்த இரண்டு வாக்கியமும் சின்னவை. விலை கொடுக்கலாம்.

மூச்சு விட இடம் கிடைக்கிறது. தட்டுகிறேன்.

*

மூன்றாவது வரி.

இதை யாரும் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். தட்டியவர் முதலில் வந்து இறங்குவது இங்கேதான். இங்கே 'அனைவருக்கும் வணக்கம், நேற்று நாங்கள்…' என்று தொடங்கினால் அவர் கேட்ட கேள்வி கையில் அப்படியே இருக்கும்.

'இரவில் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்துவிடுகிறது.' கேள்விக்கு நேர் பதில். அலங்காரம் இல்லை.

பிறகு பள்ளமும் மேடும். பிறகு, இளம் செடிகளைத் தாகை வெட்டிப் போர்த்துவது. பிறகு, கருகியது தளிர்க்கும்வரை அந்தத் துண்டில் பறிப்பு இல்லை என்பது. மோசமாகக் கருகினால் கவாத்து செய்ய வேண்டியிருக்கும் என்பது. இங்கே வாக்கியங்கள் நீளலாம். வினைச்சொல் கடைசியில் மெதுவாக வந்து சேரலாம். வந்தவர் நிற்கிறார்.

ஊர்ப்பெயரும் ஹேஷ்டேகும் அடியில்.

*

மேட்டைத் தாண்டி வெயில் வருகிறது. முதலில் வேலி, பிறகு செடி. சொட்டுச் சத்தம் ஆரம்பிக்கிறது.

பதிவு போய்விட்டது.

*

எத்தனை பேர் more-ஐத் தட்டினார்கள் என்பதை இன்ஸ்டாகிராம் காட்டுவதில்லை. லைக் தெரியும். சேமித்தவர், பகிர்ந்தவர் எண்ணிக்கை தெரியும். திறந்தவர் தெரியாது.

கருத்துகளில்தான் கொஞ்சம் தடம் கிடைக்கிறது. கீழே எழுதியிருப்பதையே ஒருவர் கேட்டால், அவர் திறக்கவில்லை. மேல் வரியில் இல்லாத ஒன்றை ஒருவர் தொட்டால், இறங்கியிருக்கிறார்.

முதலில் வருவது: 'மினி காஷ்மீர்.' கூடவே இதயம்.

அடுத்து: 'நாளைக்கு வந்தா பனி இருக்குமா?'

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. எமரால்டு பக்கம் போகிற பஸ் ஹாரன் அடிக்கிறது.

பிறகு ஒன்று: 'தாகைன்னா எது? எங்க பக்கம் வைக்கோல் போடுவோம்.'

பதில் எழுதத் தொடங்குகிறேன். வேலியோரம் விரிந்து கிடக்கும் பெரணி அது, சின்னச் செடிக்கு மேலே கூடாரம் மாதிரி வைத்து…