துக்கம் விசாரித்தல்

யாழ்ப்பாணத்துச் செத்தவீடு ஒன்றுக்குப் போகிறவர்கள் அதிகம் சொல்லுவதில்லை, கேட்பார்கள். துக்கம் விசாரித்தல் என்ற பெயரிலேயே அது இருக்கிறது. எத்தனை மணிக்கு நடந்தது, ஆர் பக்கத்தில் இருந்தது, இரவு என்ன சாப்பிட்டவர், கடைசியாக ஏதும் கதைத்தவரோ. வந்தவருக்கு இதெல்லாம் படலையடியிலேயே தெரிந்திருக்கும். இருந்தும் கேட்பார். வீட்டுக்காரியும் அன்றைக்கு இருபதாவது தடவையாக, தேத்தண்ணி கேட்டுவிட்டுக் குடிக்காமல் விட்டதிலிருந்து தொடங்கிச் சொல்லுவா. பத்தாவது தடவை சொல்லும்போது கதை ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கும். அவவே இடையிடையே மூச்சு எடுத்துக்கொள்ளுவா.

அதே சபையில் எப்போதும் ஒரு பெரியப்பாவும் இருப்பார். "ஏன் உடனே கொழும்புக்குக் கொண்டு போகேல்லை?" என்று கேட்பார். சபை அப்படியே அடங்கிப்போகும். அவர் கெட்டவர் அல்ல, உண்மையான கவலையில்தான் கேட்கிறார். அவருடையதும் கேள்விதான். ஆனால் அது காலம் பிந்தி வந்த ஒரு புத்திமதி. நீங்கள் வேறு மாதிரிச் செய்திருந்தால் இது நடந்திராது என்பது அதற்குள் இருக்கிறது. செத்தவீட்டில் இதை நாங்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். வீட்டில், மாலை ஐந்து மணிக்கு, மனைவியோ கணவனோ கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றி எறியும்போது மட்டும் எல்லோரும் அந்தப் பெரியப்பாவாகிவிடுகிறோம்.

மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில், ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். மனைவி ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 'பிரெப்போஸே'. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, உணவூட்டுவது, தூக்கி இருத்துவது எல்லாம் இந்த வேலைக்குள் அடங்கும். நான்கு வருடமாக அவ பார்த்துவந்த ஒரு கிழவி இருந்தா. வேறு ஆரும் தலை இழுக்க விடமாட்டா. மாசி மாதத்துக் காலை ஒன்றில் அறைக்குள் போனால் கட்டில் வெறுமையாய்க் கிடந்தது, மெத்தை விரிப்புகூட இல்லை. இரவே முடிந்துவிட்டதாம். ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பொறுப்பாளர் வேறு அறைகளின் பட்டியலைக் கையில் கொடுத்து, அழுவதென்றால் இடைவேளையில் அழு என்று சொல்லியிருக்கிறார்.

105ஆம் இலக்க பஸ்ஸில் ஷெர்புரூக் வீதி முழுக்க நின்றபடி வந்து, குளிர் அங்கியோடு கதிரையில் இருந்து, அவ இதைக் கணவருக்குச் சொன்னா. அவர் மூன்று பதில்கள் சொன்னார். "யூனியனுக்கு எழுதிக் குடும், சும்மா விடாதேயும்." "வேற தளத்துக்கு மாத்தச் சொல்லிக் கேளும்." "இப்பிடி ஒட்டி இருந்தால் இந்த வேலை செய்யேலாது." மூன்றும் பிழையான யோசனைகள் அல்ல. முதலாவது நியாயமானதும்கூட. அவ "ஓம், பாப்பம்" என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனா.

இந்த "ஓம், பாப்பம்" கவனிக்க வேண்டியது. புத்திமதி இடந்தவறி விழுந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. முதலில் நீளமாக வந்த வசனங்கள் சட்டென்று குறுகும். கதை நடுவில் நின்றுபோகும். சொன்னவருக்கோ பேச்சு வெற்றியாக முடிந்தது போல இருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது? மனைவி கொண்டுவந்தது ஒரு நிகழ்ச்சி. கணவர் அதை ஒரு பிரச்சினையாக மாற்றிக்கொண்டார். பிரச்சினை என்றால் தீர்வு இருக்கும், தீர்வு இருந்தால் தன் கையில் ஏதோ இருக்கும். நேசிக்கிற ஒருவர் நோகும்போது கையாலாகாமல் பக்கத்தில் இருப்பது தாங்க முடியாத காரியம். புத்திமதி முதலில் தணிப்பது சொல்லுகிறவரின் அந்தத் தவிப்பைத்தான். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அன்பு இல்லாதவனுக்கு இந்த அவதி வராது.

எங்கள் பழைய அகப்பாடல்களுக்குத் துறை வகுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. தலைவன் பிரிந்திருக்கிறான். அவன் வருவான், பொறுத்திரு என்று தோழி வற்புறுத்துகிறாள். அதைக் கேட்டுத் தலைவி இன்னும் உடைந்து பேசுகிறாள். 'வன்புறை எதிரழிந்து சொல்லியது' என்று அதற்கு ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வன்புறை என்றால் திடப்படுத்தும் சொல். அந்தச் சொல்லின் எதிரிலேயே மனம் அழிகிறது. பெயர் வைக்கும் அளவுக்கு இது அடிக்கடி நிகழ்ந்திருக்கிறது.

நியால் போல்ஜரும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. நியூயோர்க்கில் வழக்கறிஞர் பரீட்சைக்குத் தயாராகிறவர்களும் அவர்களுடைய துணைகளும் தனித்தனியே நாட்குறிப்பு எழுதினார்கள். எனக்கு ஆதரவு தரப்பட்டது என்று பரீட்சார்த்தி உணர்ந்து எழுதிய நாட்களை அடுத்து அவருடைய மனச்சோர்வு கூடியது. துணை தான் ஆதரவு தந்ததாக எழுதியும், பரீட்சார்த்தி அதைக் கவனிக்காமலே விட்ட நாட்களை அடுத்து அது குறைந்தது. உதவி உதவியாகத் தெரியும்போது, நீ தளர்ந்துபோனாய் என்ற செய்தியும் கூடவே வந்துவிடுகிறது போலும்.

ஒரு மறுப்பு எழும். யூனியன் என்று ஒன்று இருக்கும்போது, தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பது நேர்மையா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கேட்பது மட்டுமே அன்பு, யோசனை சொல்வது ஆதிக்கம் என்று இப்போது சிலர் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேலையிடத்தில் ஒருவன் கைநீட்டுகிறான், முறையிடுவதற்கான காலக்கெடு நாளையோடு முடிகிறது என்றால் தலையாட்டிக்கொண்டிருப்பது துரோகம். ஆனால் அந்த மாசி மாதத்து மாலையில் அப்படி எந்தக் கெடுவும் இல்லை. யூனியன் அடுத்த கிழமையும் அங்கேதான் இருக்கும். கிழவி இறந்த நாள் மட்டும் அன்றைக்குத்தான்.

இங்கே நடந்தது ஒரு சாவு என்பதைக் கணவர் கவனிக்கவில்லை. பொறுப்பாளரின் வாய்தான் அவருக்குப் பெரிதாகக் கேட்டது. நான்கு வருடம் ஒருத்தியின் உடம்பைக் கழுவித் துடைத்தவளுக்கு அவளோடு உறவுமுறை எதுவும் கிடையாது. செத்தவீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், ஒருவரும் வந்து விசாரிக்கவும் மாட்டார்கள். விசாரிக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு தொழிற்சட்டம் கதைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, ஏன் என்று தனக்கே தெரியாமல், அவர் கேட்டாராம்: "அந்த மனுசியின்ர பேர் என்ன?"

கோப்பை கழுவிக்கொண்டிருந்தவ தண்ணீரை நிற்பாட்டினா. பேரைச் சொன்னா. பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தா. கிழவி கஸ்பேப் பக்கத்து மீன்பிடிக் கிராமம் ஒன்றில் பிறந்தவ, தன்னை 'மா பெத்தீத்' என்று கூப்பிடுவா, என்ரை சின்னவள் என்று அர்த்தம், ஆனால் எனக்கு அம்பத்திரண்டு வயது என்று சிரித்தா. பிறகு அழுதா. "அவவின்ர சீப்பு மேசையில கிடந்தது. அதைக் குப்பைப் பையுக்குள்ள போட்டதைப் பாத்தனான்." பொறுப்பாளரின் பேச்சே அந்த ஒரு மணித்தியாலத்தில் வரவில்லை. கணவர் செய்ததெல்லாம் இடைக்கிடை கேட்டதுதான். என்ன மாதிரிச் சீப்பு? சாப்பாடு தீத்தினால் சாப்பிடுவாவோ? ஊரில் துக்கம் விசாரிக்கிறவர்கள் கேட்கும் அதே சில்லறைக் கேள்விகள்.

'ஆறு' என்ற எங்கள் வினையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தேத்தண்ணி ஆறும், புண் ஆறும், மனம் ஆறும். மூன்றும் தன்வினை. தேத்தண்ணியை மட்டும் இரண்டு கோப்பையில் மாறிமாறி ஊற்றி நாங்கள் விரைவாக ஆற்றிவிடலாம். புண்ணுக்கு அது சரிவராது, மூடிவைத்து அழுக்குப் படாமல் பார்க்கலாம்.

மூன்று நாள் கழித்து அவவே கேட்டாவாம்: "யூனியன் ஆளின்ர நம்பர் உங்களிட்டக் கிடக்கே?" அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இன்னும் அழைக்கவில்லை என்று கேள்வி. அவர் திரும்பக் கேட்கவுமில்லை.